ரவிக்கைக்கு மார்க் போடுவது எப்படி?

பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு தையல் மெஷின். பரிசு யாருக்கு?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் போன்ற நம்மவர் மிகுந்த பகுதிகளில் மாதர் சங்கங்களும் நற்பணி மன்றங்களும் தையல் வகுப்பு நடத்துவது புதிய விஷயமல்ல. ஆறு மாதம் வகுப்பு நடக்கும். கடைசியில் ஒரு செய்முறைப் பரீட்சை. முதலாவதாக வருகிறவருக்கு ஒரு தையல் மெஷின் பரிசு. மற்றவர்களுக்குச் சான்றிதழ்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் முதல் பேச்சு கிளம்பிவிடும். "டீச்சருக்கு வேண்டியவள், அதனால்தான் கொடுத்தார்கள்" என்பார்கள். சில இடங்களில் அடுத்த ஆண்டு வகுப்பில் சேரவே ஆள் வராது.

இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் காரணம் பரீட்சகர்களின் நேர்மைக் குறைவு அல்ல. எதைப் பார்த்து மார்க் போட்டார்கள் என்று அவர்களாலேயே சொல்ல முடியாததுதான் காரணம். "மொத்தத்தில் நன்றாக இருந்தது, எழுபது போட்டேன்" என்றால், அறுபது வாங்கியவளுக்கு என்ன பதில் சொல்வது? மெஷின் கிடைத்தால் வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கலாம் என்று காத்திருந்தவளுக்கு அந்தப் பத்து மார்க் சாதாரண விஷயமல்ல.

சான்றிதழின் விஷயமும் அப்படித்தான். ஐ.டி.ஐ.களில் தையல் தொழில்நுட்பம் ஒரு பாடப் பிரிவாக இருக்கிறது. 2023 செப்டம்பர் 17ஆம் தேதி மத்திய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களில் தையலும் ஒன்று. அங்கெல்லாம் திறமையைச் சோதிக்க முறையான வழிகள் உண்டு. சங்கத்து வகுப்பில் மட்டும் கண்மதிப்பில் மார்க் போட்டால், அந்தச் சான்றிதழைப் பார்க்கும் கடைக்காரர் மதிக்க மாட்டார்.

இதற்குப் பெரிய செலவொன்றும் வேண்டாம். நல்ல ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பட்டியலைத் தயாரிப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

"நன்று" என்றால் என்ன?

பல வகுப்புகளில் ஏற்கெனவே பட்டியல் இருக்கிறது. "வெட்டு - 25, தையல் - 25, பொருத்தம் - 25, நேர்த்தி - 25" என்று நாலு வரி. இதனால் பயனில்லை. நேர்த்தி என்றால் ஒருவருக்கு இஸ்திரி போட்டிருப்பது. இன்னொருவருக்கு உட்புறத்தில் நூல் தொங்காமல் இருப்பது. ஒரே சொல்லை இருவர் இரண்டு விதமாகப் படித்தால், பட்டியல் இருந்தும் இல்லாததற்குச் சமானம்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியும் கண்ணால் பார்க்கக்கூடியதாகவோ, டேப் வைத்து அளக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். "தையல் அழகாக உள்ளது" என்று எழுதக் கூடாது. "தையல் ஒரு அங்குலத்துக்கு 10 முதல் 12 வரை உள்ளது" என்று எழுதலாம். சாக்பீஸால் ஒரு அங்குலம் குறித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் தீர்ந்தது. அதில் டீச்சருக்கும் மாணவிக்கும் அபிப்பிராய பேதம் வர வழியில்லை.

"நூல் இறுக்கம் சரி" என்பதையும் இப்படியே விளக்கி எழுதலாம். தையலின் அடிப்பக்கத்தில் மேல் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் நூல் தளர்வாக இருக்கிறது. மேல்பக்கத்தில் பாபின் நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால் மேல் நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. இரண்டும் இல்லாவிட்டால் சரி. இவ்வளவையும் வரியிலேயே எழுதிவிட்டால், பரீட்சகர் துணியைத் திருப்பிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

அளவுகளுக்கு எத்தனை வித்தியாசம் வரை பொறுக்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். நீளம், கழுத்து இறக்கம், கைநீளம் ஆகியவற்றில் கால் அங்குலம் வரை கூடலாம், குறையலாம். மார்புச் சுற்றில் அரை அங்குலம் வரை பொறுக்கலாம். கையால் செய்யும் வேலையில் இதற்கும் கீழே எதிர்பார்ப்பது நியாயமல்ல. இதற்கு மேல் விட்டுக்கொடுத்தால் கட்டிக்கொள்கிறவர்கள் கடையைத் தேடி வந்துவிடுவார்கள்.

மூன்று கட்டங்கள்

ரவிக்கையை முடித்து மேஜைமேல் வைத்த பிறகு பார்ப்பது மட்டும் போதாது. சில விஷயங்கள் வேலை நடக்கும்போதுதான் தெரியும். துணியை நேர் இழையில் மடித்துப் போட்டாளா? தையலுக்கு விடவேண்டிய துணியைக் குறித்த பிறகு வெட்டினாளா? நேரே ரவிக்கையில் தைக்காமல், வெட்டி எறிந்த துண்டில் முதலில் தைத்துப் பார்த்தாளா? இவை முடிந்த உடையில் நேராகத் தெரியாது. அதனால் அந்த நேரத்தில் ஒருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது கட்டம், வெட்டி முடித்தவுடன். இது பெரும்பாலான வகுப்புகளில் விடுபட்டுப் போகிறது. தைக்கத் தொடங்குவதற்கு முன் துண்டுகளை மேஜைமேல் பரப்பி ஐந்து நிமிஷம் பார்த்தால், வெட்டின் குறை எது, தையலின் குறை எது என்று பிரித்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை கிடைத்துவிடும். ஒருத்தி கையை அரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். தைத்தது அப்பழுக்கில்லாத தையல். முடிந்த ரவிக்கையை மட்டும் பார்க்கிறவர் வெட்டுக்கும் மார்க் குறைப்பார், அளவுக்கும் குறைப்பார். வெட்டிய கட்டத்திலேயே அதைக் குறித்து வைத்திருந்தால், "இந்தக் குறைக்கு ஏற்கெனவே மார்க் போயிற்று" என்று முடிவில் மறுபடி குறைக்காமல் விடலாம்.

மூன்றாவது கட்டம் முடிந்த உடை. அதிக மார்க் இதற்குத்தான் இருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் காசு கொடுப்பது இதற்குத்தானே!

மொத்தம் 25 வரி, வரிக்கு 4 மார்க் என்று வைத்தால் கணக்கு நூறாகிறது. வேலை நடக்கும்போது பார்க்க ஐந்து வரி. வெட்டிய துண்டுகளுக்கு ஐந்து வரி. முடிந்த உடைக்குப் பதினைந்து வரி: அளவுகளுக்கு ஐந்து, தையலுக்கு ஆறு, கழுத்து, பட்டி, ஹூக், அடிமடிப்புக்கு நாலு. இருபத்தைந்துக்கு மேல் போனால் பரீட்சகர் துணியை விட்டுவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலு, இரண்டு, சைபர்

ஒவ்வொரு வரிக்கும் நாலு, மூன்று, இரண்டு, ஒன்று என்று போடத் தொடங்கினால் மறுபடியும் கண்மதிப்புக்குப் போய்விடுவோம். மூன்றுக்கும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யாரால் சொல்ல முடியும்? மூன்று படிகள் போதும்.

வரியில் எழுதியபடி இருந்தால் 4. எழுதியபடி இல்லை, ஆனால் பிரித்துத் தைத்தோ இஸ்திரி போட்டோ சரிசெய்துவிடலாம் என்றால் 2. சரிசெய்யவே முடியாது, அல்லது செய்யவேண்டியதைச் செய்யவே இல்லை என்றால் சைபர்.

இந்தப் பிரிவினையில் ஒரு நியாயம் இருக்கிறது. தையற்கடையில் முதலாளி தினமும் போடும் கணக்கு இதுதான். கை சுருங்கியிருந்தால் பிரித்துத் தைக்கலாம், அரைமணி நேர நஷ்டம். கழுத்தை ஆழமாக வெட்டிவிட்டால் துணியே நஷ்டம்.

இவை தவிர, மார்க்குக்கு அப்பாற்பட்ட சில தவறுகள் உண்டு. இரண்டு முன்பாகத்தையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது, புதிதாகக் கற்கிறவர்கள் தவறாமல் செய்யும் காரியம். ஒற்றைத் துணியில் ஒரு பாகத்தை வெட்டி, அதைத் திருப்பிப் போடாமல் அப்படியே வைத்து அடுத்ததை வெட்டுவதால் வருகிறது. இரண்டு கையும் ஒரே தோளுக்கு என்று அமைந்துவிடுவதும் இதே ரகம். ஹூக் போட முடியாத அளவுக்கு மார்பு சிறுத்துவிடுவது மூன்றாவது. இப்படிப்பட்ட ரவிக்கையை யாரும் உடுத்த முடியாது. மற்ற வரிகளில் எவ்வளவு மார்க் வாங்கினாலும் தேர்ச்சி இல்லை என்று தாளின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். ஆனால் தைக்கத் தொடங்குமுன் தவறைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறவளுக்கு ஒரு முறை மாற்றுத் துணி கொடுப்பது நியாயம். அந்த வரிக்கு மட்டும் 2 போட்டால் போதும். தன் தவறைத் தானே கண்டுபிடிப்பதும் தொழிலில் சேர்ந்ததுதான்.

ஒத்திகை ரவிக்கை

பட்டியல் எழுதியாகிவிட்டது. அதைக் கொண்டு நேரே பரீட்சை நடத்தக் கூடாது. முதலில் பரீட்சகர்களுக்கு ஒத்திகை வேண்டும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு, பழைய மாணவி ஒருத்தியை வரவழைத்து ஒரு ரவிக்கை தைக்கச் சொல்ல வேண்டும். இரண்டு பரீட்சகர்களும் அருகிலிருந்து பார்த்து, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மார்க் போட வேண்டும். எப்படி நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தில் காண்போம்.

கொடுத்த அளவு: நீளம் 14 அங்குலம், மார்புச் சுற்று 34, கைநீளம் 6, முன் கழுத்து 6, பின் கழுத்து 7. உடம்பு 34 என்றால், தளர்வுக்கு ஒரு அங்குலம் சேர்த்து, ஹூக் போட்ட ரவிக்கை 35 வரவேண்டும். சாதாரண வெட்டு, உள்துணி இல்லை.

முதலில் விளையாட்டாக, பட்டியல் இல்லாமல் இருவரையும் மார்க் போடச் சொன்னால் ஒருவர் 82 போடுவார், இன்னொருவர் 58 போடுவார். முன்னவர் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். பின்னவர் ரவிக்கையைத் திருப்பிப் போட்டு உட்புறத்தைப் பார்த்தார். இருவரும் நேர்மையானவர்களே.

இப்போது பட்டியலை எடுத்துக்கொள்வோம். முதல் பரீட்சகர் தாள் இது.

வேலை நடக்கும்போது பார்த்ததில் அளவு எடுத்தது, துணி போட்டது, தையலுக்குத் துணி விட்டது, மேஜையைச் சுத்தமாக வைத்தது நான்கும் சரி. துண்டில் தைத்துப் பார்க்கவில்லை, அதற்குச் சைபர். ஆக 16. வெட்டிய துண்டுகளில் எல்லாம் ஜோடியாக இருந்தன. கையின் நடுவையும் கைக்குழியின் முன்பக்கத்தையும் அடையாளம் காட்டும் சிறு வெட்டுகள் இல்லை. பிறகும் போட்டுக்கொள்ளலாம் என்பதால் அதற்கு 2. ஆக 18.

முடிந்த ரவிக்கையை ஹூக் போட்டு மேஜைமேல் பரப்பி, ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கம் வரை அளந்தால் பதினேழேகால் அங்குலம். இரட்டித்தால் முப்பத்துநாலரை. 35-க்கு அரை அங்குலம் குறைவு, பொறுக்கலாம், 4. நீளமும் பின் கழுத்தும் சரி. இடது கை அரை அங்குலம் குறைவு. ஆனால் மடிப்பில் ஒரு அங்குலம் துணி இருக்கிறது, இறக்கிக்கொள்ளலாம் என்பதால் 2. முன் கழுத்து 6-க்குப் பதில் ஆறரை. கழுத்தை மடித்துத் தைக்கும்போது கால் அங்குலம் பிடிக்கவேண்டிய இடத்தில் முக்கால் அங்குலம் பிடித்துவிட்டதால் வந்த வினை. இறங்கிய கழுத்தை ஏற்ற முடியாது, சைபர். அளவுகளுக்கு ஆக 14.

தையலில் அங்குலத்துக்கு 11 தையல், சரி. டார்ட் இரு பக்கமும் சமம், பக்கத் தையலில் பிரித்துவிட ஒரு அங்குலம் இருக்கிறது, சரி. தோள் தையலின் அடியில் நூல் வளையம் தெரிகிறது, 2. இடது கையின் பின்பக்கம் சுருக்கம், 2. கைக்குழியின் உள்ஓரம் சில இடங்களில் நூல் பிரிகிறது, 2. ஆக 18. கடைசி நாலு வரியில் ஹூக்குகளின் இடைவெளி ஓரிடத்தில் கூடிப்போயிருக்கிறது, 2. மற்றவை சரி. ஆக 14.

கூட்டினால் 16, 18, 14, 18, 14. மொத்தம் 80.

இரண்டாவது பரீட்சகரின் தாளில் மொத்தம் 78. "இரண்டு மார்க்தான் வித்தியாசம், பரவாயில்லை" என்று அத்தோடு தாளை மடித்து வைத்துவிடத் தோன்றும். அங்கேதான் ஏமாந்துபோகிறோம். வரிவரியாக ஒப்பிட்டால் மூன்று இடங்களில் இருவரும் ஒத்துப்போகவில்லை. நூல் வளையத்துக்கு இவர் சைபர் போட்டிருக்கிறார். கழுத்துப் பைப்பிங்குக்கு 4-க்குப் பதில் 2. கைச் சுருக்கத்துக்கு 2-க்குப் பதில் 4. கூடினதும் குறைந்ததும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு, மொத்தத்தில் வித்தியாசம் சிறியதாகிவிட்டது. இதே வித்தியாசங்கள் இன்னொரு மாணவியின் தாளில் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் ஆறு மார்க் போய்விடும். முதல் பரிசு கைமாறிவிடும்.

ஆகவே மூன்றையும் பேசித் தீர்க்க வேண்டும். நூல் வளையம் உள்ள தோள் தையலைப் பிரித்துத் தைக்கலாம். வரியில் எழுதியபடி பார்த்தால் அதற்கு 2தான். இரண்டாமவர் ஒத்துக்கொள்வார். பைப்பிங் விஷயம் சுவாரஸ்யமானது. "அகலமாக இருக்கிறது, மெல்லியதாக இருந்தால்தான் அழகு" என்பது அவர் வாதம். ஆனால் எவ்வளவு அகலம் என்று பட்டியலில் எழுதவே இல்லை. எழுதாததற்கு மார்க் குறைக்க முடியாது. 4 போட்டுவிட்டு, பட்டியலில் "பைப்பிங் அகலம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும்" என்று திருத்திக்கொள்ள வேண்டியதுதான். கைச் சுருக்கத்தில் இருவரும் விடாப்பிடியாக நிற்கலாம். ஒருவர் அது சுருக்கம் என்பார், மற்றவர் இஸ்திரி போட்டால் போய்விடும் என்பார். அது அப்படியே இருக்கட்டும். முதலாமவர் 80, இரண்டாமவர் 82, சராசரி 81. எல்லா வரியிலும் இருவரும் ஒத்துப்போக வேண்டும் என்பதல்ல. எங்கே ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்திருந்தால் போதும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. துண்டில் தைத்துப் பார்க்காததற்குச் சைபர் போட்டோம் அல்லவா? முதல் தையலான தோள் தையலில் நூல் வளையம் வந்ததற்கும் அதுவே காரணம். இங்கும் ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை என்று மாணவி கேட்கலாம். கேட்பதில் நியாயமில்லை. தைத்துப் பார்க்காமலே நூல் சரியாக அமைந்திருந்தால் ஒரு வரியில் மட்டும் போயிருக்கும். முதல் வரி பழக்கத்துக்கு, இரண்டாவது வரி பலனுக்கு.

பரீட்சை நாளன்று

பன்னிரண்டு பேர், வகுப்பில் நாலு மெஷின் என்றால் மூன்று குழுக்களாகத்தான் நடத்த முடியும். காலையில் முடித்தவள் வெளியே வந்து அளவுகளைச் சொல்லிவிடுவாள். மத்தியானக் குழு அதற்குள் காகிதத்தில் வரைந்து பழகிவிடும். ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் வேறு அளவு. காலையில் 34 என்றால் அடுத்த குழுவுக்கு 36, அதற்கடுத்ததற்கு 32. வேலை ஒன்றே, வரைபடம் மட்டும் மாறும்.

எந்த மெஷின் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். வீட்டில் காலால் மிதிக்கும் மெஷினில் பழகியவளை மோட்டார் மெஷினில் உட்கார வைத்தால், முதல் பத்து நிமிஷம் அது ஓடும் வேகத்திலேயே பயந்துபோவாள். முந்தின நாளே பதினைந்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க விட வேண்டும். எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே நூல், புதிய ஊசி. நடுவில் மெஷின் நின்றுபோனாலோ கரண்ட் போனாலோ நேரத்தைக் குறித்துக்கொண்டு அவ்வளவு நேரம் கூட்டித் தர வேண்டும். அவளே நூலைத் தப்பாகக் கோத்ததால் நின்றால் கிடையாது.

மொழி ஒரு தனித் தொல்லை. வினாத்தாளை இந்தியிலோ மராத்தியிலோ அச்சடித்து, "அஸ்தர் வேண்டாம்" என்று போட்டிருப்பார்கள். திருநெல்வேலியிலிருந்து போன வருஷம் வந்தவளுக்கு அஸ்தர் என்றால் உள்துணி என்று தெரியாது. அவள் வேண்டாத உள்துணியையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருப்பாள். அது தையல் தெரியாததால் அல்ல. வினாவைத் தமிழிலும் ஒருமுறை உரக்கப் படித்துவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

வழக்கங்களும் ஊருக்கு ஊர், டீச்சருக்கு டீச்சர் மாறும். பட்டியில் எந்தப் பக்கம் மேலே வரவேண்டும், கண்ணை நூலால் எடுப்பதா உலோக வளையம் வைப்பதா என்பதில் எல்லாம் பேதம் உண்டு. அளவு ரவிக்கையைத் துணிமேல் வைத்தே வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், காகிதத்தில் வரைந்து வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். எது வேண்டும் என்று முன்பே சொல்லவில்லையானால், எந்த வழியில் செய்தாலும் பலன் சரியாக இருந்தால் முழு மார்க்.

முதல் இரண்டு கட்டங்களை வகுப்பு டீச்சரே பார்க்கலாம். யார் தைக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துதான் இருக்கும், தவிர்க்க முடியாது. ஆனால் முடிந்த உடைக்கான 60 மார்க்கை வெளியார் இருவர் போட வேண்டும். தைக்கும்போது அவர்கள் அறையில் இருக்கக் கூடாது. ரவிக்கையின் உட்புறம் எண் எழுதிய துணித்துண்டைக் குத்தி வைத்தால், யாருடையது என்று தெரியாது. ஒரு ரவிக்கையை எடுத்து எல்லா வரியையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதும் தவறு. முதல் இரண்டு வரி நன்றாக இருந்தால் மீதி வரிகளுக்கும் கை தாராளமாகிவிடும். பன்னிரண்டு ரவிக்கைகளுக்கும் கைச் சுருக்கத்தை மட்டும் பார்த்து முடித்து, பிறகு பன்னிரண்டுக்கும் ஹூக் என்று போகவேண்டும். பார்ப்பதற்குச் சலிப்பான வேலைதான். நியாயமும் அதில்தான் இருக்கிறது.

சமையல் பரீட்சை வைக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே முறை பொருந்தும். ஒரு வித்தியாசம் உண்டு. ரவிக்கை மேஜைமேல் காத்திருக்கும், சாம்பார் காத்திராது. எல்லோரும் ஒரே சமயத்தில் அடுப்பு மூட்டினால், பரீட்சகர் கடைசியாக வரும் பாத்திரம் ஆறிப்போய், ஏடு படிந்து, உப்பும் காரமும் வேறு மாதிரி தெரியும். ஆகவே பத்து நிமிஷ இடைவெளியில் ஒவ்வொருவராகத் தொடங்க வைத்து, முடித்த உடனே ருசி பார்க்க வேண்டும். ஒவ்வொரு ருசிக்கும் நடுவே தண்ணீர் குடித்து வாய் கொப்பளிப்பதும், வேறு கரண்டி எடுப்பதும் பரீட்சகரின் கடமை. "ருசியாக இருந்தது" என்று பட்டியலில் எழுதக் கூடாது. "பருப்பை விரலால் நசுக்கினால் முழுதாக மசிகிறது", "புளியின் பச்சை வாடை இல்லை" என்று எழுத வேண்டும்.

ஏழைக்குக் கொடுக்கலாமா?

ஒரு தர்மசங்கடம் எப்போதும் வரும். முதல் மார்க் வாங்கியவளுடைய வீட்டில் ஏற்கெனவே மெஷின் இருக்கிறது. மூன்றாவதாக வந்தவள் புருஷனை இழந்தவள், இரண்டு குழந்தைகள். "அவளுக்கே கொடுத்துவிடலாமே" என்று கமிட்டியில் ஒருவர் சொல்வார். கருணையுள்ள யோசனைதான். ஆனால் அதற்காக மார்க்கைத் திருத்திவிடுவார்கள், அங்கேதான் கெடுதல் தொடங்குகிறது. முதலாவதாக வந்தவள் தன் தையலில் இல்லாத குறையைத் தேடிக்கொண்டிருப்பாள். மூன்றாவதாக வந்தவளோ தன் கழுத்து இறக்கம் சரி என்று நம்பிக்கொண்டு வாடிக்கைக்காரரின் துணியைக் கெடுப்பாள்.

தேவையைப் பார்த்துக் கொடுப்பதாக இருந்தால், வகுப்பு தொடங்கும்போதே அப்படி அறிவித்துவிட வேண்டும். "60 மார்க்குக்கு மேல் வாங்கியவர்களில் மிகவும் தேவைப்படுகிறவருக்கு மெஷின்" என்று நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மார்க் மார்க்காகவே இருக்கும். இருவர் சமமாக வந்தால் முடிந்த உடையின் 60-ல் யார் கூடுதல் என்று பார்ப்பது என்பதையும் அதே பலகையில் எழுதிவிடலாம்.

பட்டியலைப் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பே மாணவிகளின் கையில் கொடுத்துவிட வேண்டும். வினாத்தாள் வெளியாகிவிட்டதாக யாரும் பதற வேண்டாம். தையல் அங்குலத்துக்கு 10 முதல் 12 வரை இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அப்படியே தைத்தால், அதைத்தானே ஆறு மாதம் சொல்லிக் கொடுத்தது? அளவுகளை மட்டும் பரீட்சை மேஜையில் கொடுத்தால் போதும்.

மார்க் போட்டு முடித்த பிறகு ரவிக்கைகளை ஒரு மணி நேரம் மேஜைமேலேயே வைத்திருப்பது நல்லது. தாளும் டேப்பும் பக்கத்தில் இருக்கட்டும். சந்தேகம் உள்ளவள் தன் எண்ணைத் தேடி, தானே அளந்து பார்த்துக்கொள்ளலாம். அளவில் பரீட்சகர் தவறியிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். அதன் பிறகு ரவிக்கையையும் தாளையும் அவளிடமே கொடுத்தனுப்ப வேண்டும்.